அட்வான்ஸ் கூடுதலாக வந்தால் அது எந்த வழியில் திரும்ப வேண்டும்?

"ஐயா, கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மாடி போர்ஷன் காலியாக இருக்கிறது என்று நெட்டில் விளம்பரம் கொடுத்திருந்தேன். வாடகை 9,000, அட்வான்ஸ் 30,000. தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்கு மாற்றலாகி வருகிறேன் என்று ஒருவர் பேசினார். வீட்டைப் பார்க்காமலே பிடித்திருக்கிறது என்றார். பாஸ்புக் முதல் பக்கத்தையும் ஆதாரையும் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டார். நேற்று 80,000 ரூபாய் வரவு என்று மெசேஜ் வந்தது. ஆபீஸ் அக்கவுண்ட்ஸில் தப்பாகப் போட்டுவிட்டார்கள், கூடுதலாக வந்த 50,000-ஐ என் மனைவி நம்பருக்கு ஜிபே பண்ணிவிடுங்கள் என்று ஓயாமல் கூப்பிடுகிறார். மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். என் பென்ஷன் அந்தக் கணக்கில்தான் வருகிறது. அதில் 1,12,000 இருந்தது. அடுத்தவர் பணம் நமக்கு எதற்கு, அனுப்பிவிடலாமா?" — வாசகி, கும்பகோணம்

அனுப்பாதீர்கள் அம்மா. அவருடைய அடுத்த போனையும் எடுக்க வேண்டாம். முதல் வேலையாக, கையில் பாஸ்புக்கோடு உங்கள் கிளைக்குப் போய் என்ட்ரி போடுங்கள். போக முடியாவிட்டால் ஏடிஎம்மில் மினி ஸ்டேட்மென்ட் எடுங்கள். வந்த மெசேஜில் இருக்கும் லிங்க்கைத் தொடாதீர்கள், அதிலிருக்கும் நம்பருக்கும் பேசாதீர்கள். பாஸ்புக்கின் கடைசி வரியைப் பார்த்தால்தான் உங்களுக்கு நடந்திருப்பது இரண்டில் எது என்று தெரியும். இரண்டுமே மோசடிதான். ஆனால் ஒன்றில் பேசாமல் இருந்தால் போதும், மற்றதில் நீங்களே சில வேலைகள் செய்தாக வேண்டும்.

பெரும்பாலும் நடப்பது முதல் வகை. பணமே வந்திருக்காது, மெசேஜ் மட்டும்தான் வந்திருக்கும். உங்கள் போனில் அந்த மெசேஜைத் திறந்து, மேலே யாரிடமிருந்து வந்தது என்று பாருங்கள். வங்கி மெசேஜ் பத்து இலக்க செல்போன் நம்பரிலிருந்து வராது. VM-ABCBNK-S என்பதுபோல எழுத்துகளாக இருக்கும். நடுவில் வங்கியின் சுருக்கப் பெயரும், இப்போதெல்லாம் கடைசியில் S அல்லது T என்ற எழுத்தும் வரும். அடுத்து, மெசேஜுக்குள் இருப்புத் தொகை எவ்வளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். 80,000 உண்மையில் ஏறியிருந்தால் 1,92,000 என்று இருக்க வேண்டும். போலி மெசேஜ் தட்டியவருக்கு உங்கள் கணக்கு எண் தெரியும், அதை நீங்களே கொடுத்தீர்கள். அதனால் கடைசி நாலு இலக்கம் சரியாகவே இருக்கும். உங்களிடம் 1,12,000 இருந்தது மட்டும் அவருக்குத் தெரியாது. ஆகவே இருப்பை எழுதாமல் விட்டிருப்பார், இல்லை வாய்க்கு வந்ததை எழுதியிருப்பார். இருந்தாலும் மெசேஜை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். பணம் வந்ததா என்பதற்குச் சாட்சி பாஸ்புக்தான்.

என்ட்ரியில் 80,000 இல்லையென்றால் விஷயம் அங்கேயே முடிந்தது. வராத பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. "ராணுவக் கணக்கிலிருந்து வருவதால் ஏற ஒரு நாள் ஆகும், நீங்கள் அதற்குள் அனுப்புங்கள்" என்பார். யுபிஐ, ஐஎம்பிஎஸ் இரண்டும் ராத்திரி பகல் பாராமல் சில நொடிகளில் ஏறுபவை. நெஃப்ட்கூட அரை மணிக்கு ஒரு தவணையாகப் போய்ச் சேர்ந்துவிடும். ராணுவத்துக்கென்று தனியாக ஏதோ ஒரு கட்டண முறை இருக்கிறது என்று இவர்கள் சொல்வது கட்டுக்கதை. ஒருவருடைய வீட்டு வாடகைப்படி சம்பளத்தோடு அவர் கணக்குக்குத்தான் வரும். அவர் பிடிக்கும் வீட்டுக்கு அலுவலகம் அட்வான்ஸ் கட்டுவதில்லை.

என்ட்ரியில் 80,000 இருந்தால்தான் சிக்கல். வீட்டுக்காரர்கள் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பணம் உண்மையிலேயே வந்துவிட்டது, அப்படியானால் ஆள் நல்லவர்தான் என்று நினைத்து அனுப்பிவிடுகிறார்கள்.

அந்த வரியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். வங்கிக்கு வங்கி கொஞ்சம் மாறும். யுபிஐ-யில் வந்திருந்தால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
UPI/CR/12 இலக்க எண்/அனுப்பியவர் பெயர்/வங்கி
```

CR என்றால் வரவு. அந்தப் பன்னிரண்டு இலக்கம் இந்தப் பரிமாற்றத்தின் அடையாள எண், அதைத் தனியே எழுதி வையுங்கள். அதற்கடுத்து வரும் பெயர்தான் முக்கியம். விமானப்படை அக்கவுண்ட்ஸ் அனுப்பியது என்றவர் சொன்னாரே, அங்கே அப்படி ஏதாவது இருக்கிறதா? அவர் சொன்ன பெயராவது இருக்கிறதா? பெரும்பாலும் நீங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு தனியாள் பெயர் இருக்கும். அந்த ஆளும் உங்களைப்போல ஏமாந்தவராக இருக்க வாய்ப்பு அதிகம். பார்சலில் போதைப்பொருள் என்று மிரட்டியோ, பங்குச் சந்தையில் இரட்டிப்பு என்று ஆசை காட்டியோ, "இந்தக் கணக்குக்கு 80,000 அனுப்பு" என்று அவருக்கு உங்கள் கணக்கு எண்ணைக் கொடுத்திருப்பார்கள். பாஸ்புக் முதல் பக்கம் கேட்டு வாங்கியது இதற்குத்தான். உங்கள் கணக்கு இங்கே மோசடிச் சங்கிலியில் ஒரு கண்ணியாக மாறுகிறது. திருட்டுப் பணம் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் உங்கள் கையாலேயே வெளியேறுகிறது. 30,000-ஐ உங்களிடம் விட்டுவைப்பது தூண்டில் புழு. 'எப்படியும் அட்வான்ஸ் நம் கையில் இருக்கிறதே' என்ற தைரியத்தில் நீங்கள் 50,000-ஐ அனுப்புவீர்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

அனுப்பினால் என்ன ஆகும் என்று உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம். இருப்பு 1,12,000, வந்தது 80,000, மொத்தம் 1,92,000. 50,000 அனுப்புகிறீர்கள், மீதி 1,42,000. இரண்டு நாளோ இரண்டு வாரமோ கழித்து, பணத்தைப் பறிகொடுத்த அந்த முதல் ஆள் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் செய்கிறார். அவருடைய 80,000 எந்தக் கணக்குக்குப் போனது என்று தேடினால் முதலில் வருவது உங்கள் பெயர். உங்கள் வங்கி 80,000-க்கு லீன் போடும், அதாவது அந்தத் தொகையை எடுக்க முடியாமல் பிடித்து வைக்கும். நீங்கள் தொடக்கூடியது 62,000. பணமே வராமல் வெறும் மெசேஜை நம்பி 50,000 அனுப்பியிருந்தாலும் மீதி அதே 62,000-தான். ஆக, உண்மைப் பணம் வந்தால் நஷ்டம் குறையும் என்பதில்லை. கூடுதலாக ஒரு போலீஸ் புகாரில் உங்கள் கணக்கு எண்ணும் சேரும். சில சமயம் தொகையை மட்டும் பிடிக்காமல் கணக்கையே முடக்கிவிடுவார்கள், அப்போது பென்ஷனும் உள்ளேயே நிற்கும். புகார் வேறு மாநிலத்தில் பதிவாகியிருந்தால் அங்குள்ள அதிகாரியிடம் கடிதம் எழுதி, மெயில் அனுப்பி, விடுவிக்கச் சொல்லிக் காத்திருக்க வேண்டும்.

இந்த மோசடி எந்த ரூபத்தில் வந்தாலும் அடிப்படை ஒன்றுதான். உங்களுக்கு வந்த பணத்தைப் பின்னால் இல்லை என்று ஆக்க முடியும். நீங்கள் யுபிஐ-யில் அனுப்பியதை அப்படி எளிதில் திருப்ப முடியாது. செக்கிலும் இதே கதைதான். உங்கள் வங்கியின் ஏதோ ஒரு தூரத்துக் கிளையில் 80,000-க்கு ஒரு செக்கைப் போட்டுவிட்டு சலானை போட்டோ எடுத்து அனுப்புவார்கள். கிளியர் ஆகாத செக் கணக்கில் தெரிவதும் உண்டு. அதை நம்பி மீதியை அனுப்பிய பிறகு செக் திரும்பிவிடும்.

ஆனால் அடுத்தவர் பணம் நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்டது நியாயம். உங்களுடையது இல்லை என்று தெரிந்தும் செலவழித்தால் அதுவே குற்றமாகிவிடும். எனவே அது திரும்பத்தான் வேண்டும். வந்த வழியே, வங்கி மூலமாகத் திரும்ப வேண்டும், மனைவி நம்பருக்கு அல்ல. உண்மையிலேயே தவறுதலாகப் பணம் அனுப்பியவர் என்ன செய்வார்? தன் வங்கியிலோ, அனுப்பிய ஆப்பிலேயோ புகார் போடுவார். அவர் வங்கி உங்கள் வங்கிக்கு எழுதும். உங்கள் வங்கி உங்களைக் கூப்பிட்டுச் சம்மதம் கேட்கும். நீங்கள் கையெழுத்துப் போட்டால், பணம் புறப்பட்ட கணக்குக்கே திரும்பிப் போகும். சில நாள் பிடிக்கும், அவ்வளவுதான். இந்த வழியைச் சொன்னதும் எதிராளியின் குரல் மாறும். ஆஸ்பத்திரி, அழுகை, கோர்ட்டுக்குப் போவேன், மேலதிகாரி பேசுகிறார் என்று வரிசையாக வரும். நேர்வழியில் வந்த பணமாக இருந்தால் அவருக்கு இந்த வழியில் ஒரு நஷ்டமும் கிடையாது.

"வந்த கணக்குக்கே நானே திருப்பி அனுப்பிவிடலாமே" என்று தோன்றும். அதையும் தவிருங்கள். பாஸ்புக் வரியில் முழுக் கணக்கு எண் இருக்காது, "அதே கணக்குதான்" என்று அவர் கொடுக்கும் எண்ணை நம்பித்தான் அனுப்ப வேண்டியிருக்கும். யுபிஐ ஆப்பில் பணம் அனுப்புமுன் வங்கியில் பதிவான பெயர் காட்டும் என்பது உண்மை. ஆனால் மோசடிக்காரர்கள் அடுத்தவரிடம் வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்குகளில் எந்தப் பெயரும் கிடைக்கும்.

கிளையில் மேலாளரிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தால் போதாது. வெள்ளைத்தாளில் இந்த அளவுக்கு எழுதுங்கள்: "எனது சேமிப்புக் கணக்கு எண் இன்னதில், இன்ன தேதி, இன்ன நேரத்தில், இன்ன பரிமாற்ற எண்ணில் ரூ. 80,000 வரவாகியுள்ளது. அனுப்பியவரை எனக்குத் தெரியாது. வீட்டு அட்வான்ஸ் என்று சொல்லி, ரூ. 50,000-ஐ வேறொரு எண்ணுக்கு அனுப்பும்படி ஒருவர் இந்தச் செல்போன் எண்ணிலிருந்து வற்புறுத்துகிறார். நான் அனுப்பவில்லை. முழுத் தொகையும் என் கணக்கில் தொடப்படாமல் இருக்கிறது. அனுப்பிய வங்கியுடன் தொடர்புகொண்டு, தொகையை அதன் மூலக் கணக்குக்குத் திருப்ப எனக்குச் சம்மதம்." இரண்டு பிரதி எடுங்கள், ஒன்றில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். 80,000 முழுவதையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 30,000 என் அட்வான்ஸ்தானே என்று எடுத்துச் செலவழித்துவிட்டால், நாளை லீன் வரும்போது அதை உங்கள் பென்ஷனிலிருந்துதான் ஈடுகட்ட வேண்டியிருக்கும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அவர் நேரத்தோடு "டெலிட் ஃபார் எவ்ரிஒன்" செய்துவிடக்கூடும், அதனால் இதை இன்றைக்கே செய்யுங்கள்.

ஒருவேளை இதைப் படிப்பதற்குள் அனுப்பியிருந்தால், கிளை திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 1930. நீங்கள் அனுப்பிய பரிமாற்ற எண், தொகை, நேரம், போய்ச் சேர்ந்த யுபிஐ முகவரி, உங்கள் கணக்கு எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அவர்கள் பதிவு செய்ததும் அந்தத் தகவல் பணம் போன வங்கிக்குப் போகும், அங்கே மிச்சமிருப்பதைப் பிடித்து வைப்பார்கள். அதற்குள் அடுத்த கணக்குக்கு நகர்ந்திருந்தால் அங்கே துரத்துவார்கள். ஏடிஎம்மில் ரொக்கமாக எடுத்துவிட்டால் அதோடு போயிற்று. அதனால்தான் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் முக்கியம். பிறகு cybercrime.gov.in-இல் புகாரை முழுமையாகப் பதிந்து, தஞ்சாவூரில் உள்ள மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் மனு கொடுங்கள். பிடிபட்ட பணம் பெரும்பாலும் நீதிமன்ற உத்தரவின் பேரில் திரும்பும். வங்கி ஈடு தராதா என்று கேட்பீர்கள். வங்கியின் குறையால் போன பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. நாமே பின் நம்பர் போட்டு அனுப்பியதற்கு அது பொதுவாகப் பொருந்தாது.

மனைவி நம்பர் எடுபடவில்லை என்றால் வேறு வழியில் வருவார். ஒரு க்யூஆர் படம் அனுப்பி, "இதை ஸ்கேன் பண்ணுங்கள், கணக்கு சரியாகிவிடும்" என்பார். முதலில் நம்பிக்கை வர 5 ரூபாய் அனுப்பச் சொல்லி 10 ரூபாய் திருப்பிப் போடுவார். இல்லை, தொகைக் கட்டத்தில் 49,999 என்று தட்டுங்கள், அது கோடு நம்பர் என்பார். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்கும் திரை வந்துவிட்டால் உங்கள் கணக்கிலிருந்து போகப்போகிறது என்றுதான் பொருள். முன்பு பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியையும் இவர்கள் பயன்படுத்தினார்கள். தனியாள் தனியாளுக்கு அனுப்பும் அந்தக் கோரிக்கை 2025 அக்டோபரோடு நிறுத்தப்பட்டுவிட்டதால் இப்போது க்யூஆர் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் ஆதாரும் பாஸ்புக் பக்கமும் வீட்டு போட்டோவும் இப்போது அவர் கையில் இருக்கின்றன. இவற்றை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டை "நான்தான் ஓனர்" என்று வேறொருவருக்குக் காட்டி அட்வான்ஸ் வாங்க முடியும். யாராவது பெட்டி படுக்கையோடு வந்து கதவைத் தட்டினால் அதிர்ச்சியடையாமல், அவரையும் 1930-க்கு அனுப்பி வையுங்கள். விளம்பரத்தில் இருக்கும் போட்டோக்களையும் மாற்றிவிடுங்கள்.

இன்னொன்றும் கவனித்திருக்கலாம். நம் ஊரில் வீடு தேடுகிறவர் அட்வான்ஸைப் பற்றிப் பேசுவதற்கு முன் பத்துக் கேள்வி கேட்பார். போர் தண்ணீர் உப்பா, மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவீர்கள், ஐப்பசி கார்த்திகை மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்குமா, வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா, கரண்ட் பில் தனி மீட்டரா, அசைவம் சமைக்கலாமா. சொந்தக்காரர் ஒருவரையாவது அனுப்பி வீட்டைப் பார்க்கச் சொல்வார். வாடகையில் ஐந்நூறு குறையுங்கள் என்று பேரம் பேசாதவரைக் கும்பகோணத்தில் பார்ப்பது அபூர்வம். இவற்றில் ஒன்றுகூடக் கேட்காமல் கணக்கு எண்ணை மட்டும் கேட்பவர் வீடு தேடி வந்தவரில்லை.

அடுத்து வருபவரிடம் வீட்டை நேரில் பார்த்த பிறகே பணம் வாங்குங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதன்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், tenancy.tn.gov.in தளத்தில் பதியவும் வேண்டும். வேறாக ஒப்புக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்றும் அது சொல்கிறது. உங்கள் வாடகைக்கு அது 27,000. நீங்கள் 30,000 கேட்பதானால் இருவரும் சம்மதித்ததாக ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். வாடகை, அட்வான்ஸ் வாங்குவதற்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கும் தொடங்கிவிடுங்கள். பென்ஷன் கணக்கு எண்ணை இனி யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

அவருக்கு ஒரே ஒரு பதில் போதும்: "கிளையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் வங்கியில் புகார் போடுங்கள், வந்த கணக்குக்கே திரும்பும்." பிறகு பிளாக் செய்யுங்கள். பணம் எதுவும் இழக்காத நிலையில் அந்த நம்பரை sancharsaathi.gov.in தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் தெரிவிக்கலாம். கிளையில் முத்திரை வாங்கிய பிரதியை பாஸ்புக்குக்குள்ளேயே மடித்து வையுங்கள். லீன் என்று என்றைக்காவது மெசேஜ் வந்தால், கிளையில் புகாரின் எண்ணையும் அது எந்தக் காவல் நிலையம் என்பதையும் கேட்டு வாங்கி, இந்தப் பிரதியோடு அவர்களுக்கு எழுதுங்கள். பிடித்தத்தை 80,000-க்கு மட்டும் வைத்துக்கொண்டு பென்ஷனை விடுவிக்கும்படி அதே கடிதத்தில் கேளுங்கள்.